ஜெர்மன் துணை வாக்கியத்தில் தமிழை எதுவரை நம்பலாம்?

"ஜெர்மன் பி1 நிலையில் படிக்கிறேன். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும் என்றதும், தமிழ் மாதிரிதானே என்று நிம்மதியாக எழுத ஆரம்பித்தேன். 'வைல் இஷ் கிராங்க் பின், இஷ் ட்ஸு ஹவுஸெ பிளைபெ' (உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருக்கிறேன்) என்று எழுதினேன். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு என்று திருத்தி வந்திருக்கிறது. எதுவரை தமிழை நம்பலாம், எங்கே விட வேண்டும்?"

உங்கள் வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் நீங்கள் தமிழில் நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதிக்குத் தமிழ் கைகொடுத்தது, இரண்டாம் பாதியில் காலை வாரிவிட்டது. சென்னையில் பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இதே திருத்தத்தை எத்தனை நோட்டுகளில் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தமிழை முழுக்க நம்புகிறவர்களும் தவறுகிறார்கள், தமிழை மறந்துவிடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அடியோடு ஒதுக்குகிறவர்களும் தவறுகிறார்கள். என் அனுபவத்தில் எல்லைக்கோடு ஓர் இடத்தில் தெளிவாக ஓடுகிறது: ஒரு துணை வாக்கியத்தின் உள்ளே, அதன் கடைசிப் பகுதியில், தமிழ் மிக நல்ல வழிகாட்டி. அந்தத் துணை வாக்கியத்தை எப்படித் திறப்பது, பெரிய வாக்கியத்தில் எங்கே வைப்பது என்ற கேள்விகளில் தமிழ் பெரும்பாலும் எதிர்த்திசையைக் காட்டும்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒலிப்பு தோராயமானதுதான், இங்கே நமக்கு வரிசை முக்கியம்.

முதலில் தமிழ் கைகொடுக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதன் ஆழம் பலருக்குத் தெரிவதில்லை. "வினை கடைசியில் வரும்" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. ஒரே ஒரு வினை இருந்தால் சரி, மூன்று நான்கு வினைகள் சேர்ந்து வந்தால் அவற்றுக்குள் எது முதலில், எது கடைசியில்? இங்கேதான் தமிழனுக்குப் பிறப்பிலேயே கிடைத்த செல்வம் இருக்கிறது. "அந்த வீடு கட்டப்பட்டிருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு ஒன்றைப் பார்த்து, நூறு வருடத்துக்கு முன்பு கட்டியிருப்பார்கள் என்று ஊகித்துச் சொல்லும்போது வருகிற வாக்கியம். அதன் வினையைப் பிரித்தால் கட்ட, பட்டு, இருக்க, வேண்டும் என்று நான்கு துண்டுகள். இதையே ஜெர்மன் துணை வாக்கியத்தில் வைத்தால்:

டஸ் டாஸ் ஹவுஸ் கெபவுட் வோர்டன் ஸைன் முஸ்

டஸ் என்பது நம் "என்று", டாஸ் ஹவுஸ் என்பது அந்த வீடு. கெபவுட் என்பது கட்ட, வோர்டன் என்பது பட்டு, ஸைன் என்பது இருக்க, முஸ் என்பது வேண்டும். நான்குக்கு நான்கு, அதே வரிசை. ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. ஆங்கிலத்தில் இதே நான்கும் தலைகீழாக வரும்: வேண்டும் முதலில், கட்ட கடைசியில். ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்த வரிசையை ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. "வீடு கட்டப்பட்டிருக்கிறது என்று" எனில் கெபவுட் வோர்டன் இஸ்ட். "கட்டப்பட வேண்டும் என்று" எனில் கெபவுட் வேர்டன் முஸ். "வாங்க முடியும் என்று" எனில் கவுஃபன் கன். தமிழில் எந்த வரிசையில் வாயில் வருகிறதோ அந்த வரிசையிலேயே ஜெர்மன் சொற்களை அடுக்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வரிசை ஒன்றுதான், சொல்லின் தேர்வு ஒன்றல்ல. நாம் "வந்திருக்கிறேன்", "வாங்கியிருக்கிறேன்" இரண்டுக்கும் இரு என்ற ஒரே துணைவினையைப் போடுகிறோம். ஜெர்மனில் வருவது, போவது போன்ற வினைகளுக்கு ஸைன், வாங்குவது, சொல்வது போன்றவற்றுக்கு ஹாபன். அதனால் கெகொம்மன் பின், ஆனால் கெகவுஃப்ட் ஹாபெ. எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தமிழ் சொல்லும், எதை வைப்பது என்பதைச் சொல்லாது.

இனி முதன்மை வாக்கியம். உங்கள் இரண்டாம் பாதி சறுக்கியது இங்கேதான். தமிழில் வினையுள்ள வாக்கியம் பொதுவாக வினையில்தான் முடியும், அது முதன்மையா துணையா என்று பார்ப்பதில்லை. ஜெர்மனில் செய்தி சொல்லும் முதன்மை வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேலே உள்ள நான்கு வினைகளில் கடைசியாக நிற்கும் முஸ் ஒன்றை மட்டும் உருவி எடுத்து இரண்டாம் இடத்தில் வையுங்கள்:

டாஸ் ஹவுஸ் முஸ் கெபவுட் வோர்டன் ஸைன்

மற்ற மூன்றும் அசையவில்லை. உருவப்படுவது பெரும்பாலும் கடைசிச் சொல்தான், ஏனென்றால் ஆள், எண், காலம் காட்டும் வினைமுற்று அதுதான். பிரியும் வினைகளிலும் இதே கதை. "ரயில் வந்துசேர்கிறது என்று" எனில் டஸ் டேர் ட்ஸூக் அன்கொம்ட். முதன்மை வாக்கியமாக்கினால் கொம்ட் மட்டும் முன்னால் போகும், அன் இருந்த இடத்திலேயே இருக்கும்: டேர் ட்ஸூக் கொம்ட் அன். பாடப் புத்தகங்கள் முதன்மை வாக்கியத்தை முதலில் சொல்லிக்கொடுத்து, அன் என்ற துண்டு ஏன் அநாதையாகக் கடைசியில் நிற்கிறது என்று மாணவரைக் குழம்ப விடுகின்றன. அது எங்கும் போகவில்லை, அதன் துணைதான் பிரிந்து போயிருக்கிறது. மொழியியலாளர்களிலும் எம்மன் பாக், மான்ஃப்ரெட் பீர்விஷ் போன்றவர்கள் 1960களின் தொடக்கத்திலேயே இப்படித்தான் ஜெர்மனை விளக்கினார்கள்: வினை கடைசியில் நிற்பதுதான் அடிப்படை வரிசை, முதன்மை வாக்கியம் அதிலிருந்து பிறப்பது. தமிழ் பேசுகிறவர் இந்த விளக்கத்தை உடனே பிடித்துக்கொள்வார். வகுப்பில் நான் துணை வாக்கியத்தை முதலில் எழுதவைத்து, பிறகு கடைசிச் சொல்லை நகர்த்தச் சொல்வேன்.

இப்போது உங்கள் வாக்கியம். ஜெர்மனில் இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது உறுப்பு. "வைல் இஷ் கிராங்க் பின்" என்ற துணை வாக்கியம் முழுதும் சேர்ந்து முதல் உறுப்பு. ஆகவே காற்புள்ளி முடிந்த கையோடு வினை வர வேண்டும், இஷ் அதற்குப் பின்னால்தான்:

வைல் இஷ் கிராங்க் பின், பிளைபெ இஷ் ட்ஸு ஹவுஸெ

பின், பிளைபெ என்று இரண்டு வினைகள் காற்புள்ளியின் இருபுறமும் நேருக்கு நேர் நிற்கின்றன. இதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். துணை வாக்கியத்தில் தொடங்கும் எந்த வாக்கியத்தை எழுதினாலும், எழுதி முடித்ததும் காற்புள்ளியில் விரலை வையுங்கள். அதற்கு முன்னும் பின்னும் வினை இல்லையென்றால் வாக்கியத்தை மீண்டும் படியுங்கள். இந்தத் தவறு தமிழருக்கு அடிக்கடி வரக் காரணம் உண்டு. நாம் இயல்பாகவே காரணத்தை முன்னால் சொல்லி விளைவைப் பின்னால் சொல்கிறவர்கள், அதனால் வைல் என்று தொடங்கும் வாக்கியங்களை ஏராளமாக எழுதுகிறோம்.

தமிழ் மேல் பழி போடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வைல் இஷ் பின் கிராங்க்" என்று எழுதும் மாணவர்களும் நிறைய. அந்தத் தவறு தமிழிலிருந்து வரவில்லை, ஆங்கிலத்திலிருந்து வருகிறது. ஜெர்மன் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக நடக்கின்றன, மாணவரும் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார். பின் என்ற சொல் நடுவில் வந்து உட்கார்ந்தால், நீங்கள் அந்த நேரத்தில் எந்த மொழியில் நினைத்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, துணை வாக்கியத்தைத் திறக்கும் சொல். தமிழில் காரணத்தைச் சொல்லும் "ஆல்" வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்: மழை பெய்ததால். ஜெர்மனில் அந்த வாலை வெட்டி எடுத்து வாசலில் வைக்க வேண்டும்: வைல் எஸ் கெரேக்னெட் ஹாட். வாசலில் வைல், கடைசியில் வினைமுற்று. இரண்டும் சேர்ந்து ஒரு கதவின் நிலையும் தாழும் மாதிரி. இதன் விளைவு எழுதும்போது தெரியாது, பேசும்போது தெரியும். தமிழில் "மழை பெய்த" வரைக்கும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுகூட "தால்" என்றோ "போது" என்றோ "பிறகு" என்றோ முடிவு செய்யலாம். ஜெர்மனில் வாயைத் திறக்கும்போதே அது காரணமா, காலமா, நிபந்தனையா என்று தெரிந்திருக்க வேண்டும். என் மாணவர்கள் பேசத் தொடங்கித் தயங்கி நிற்பது பெரும்பாலும் வினைச்சொல் தெரியாததால் அல்ல, வாசல் சொல்லைப் போடாமல் உள்ளே நுழைந்துவிட்டதால். "எஸ் ஹாட் கெரேக்னெட்" என்று சொல்லிவிட்டு, அதைக் காரணமாக மாற்ற வழியில்லாமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் மாணவர்களின் சொல் பட்டியல்களில் இருக்கிறது. பலர் நோட்டில் "வைல் என்றால் ஏனென்றால்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல. வைல் என்பது "ஆல்". "ஏனென்றால்" என்பதற்கு ஜெர்மனில் டென் என்ற சொல் இருக்கிறது. "நான் வரவில்லை, ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை" என்பதில் இரண்டாம் பாதி தன் காலில் நிற்கும் முழு வாக்கியம். ஜெர்மனிலும் அப்படியே: டென் இஷ் பின் கிராங்க். டென்னுக்குப் பிறகு வினை கடைசிக்குப் போகாது, முதன்மை வாக்கியத்தின் வரிசையே வரும். "ஏனென்றால்" பாதியை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்க முடியாதது போல டென் பாதியையும் தொடக்கத்தில் வைக்க முடியாது. "ஆல்" பாதியும் வைல் பாதியும் தொடக்கத்தில் தாராளமாக வரும். இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது அந்த நோட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

"என்று" என்ற சொல்லிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. "அவன் வருவான் என்று தெரியும்", "அவன் வருவானா என்று தெரியவில்லை" இரண்டிலும் நாம் என்று போடுகிறோம். இரண்டுக்கும் டஸ் போட்டுவிடாதீர்கள். இரண்டாவதில் கேள்வியைச் சுமப்பது "வருவானா" என்பதில் உள்ள ஆகாரம். அந்த ஆகாரம்தான் வாசலுக்கு வந்து ஓப் ஆகிறது: இஷ் வைஸ் நிஷ்ட், ஓப் ஏர் கொம்ட். தமிழ் வாக்கியத்தில் "ஆ என்று" கேட்டால் ஓப், கேள்விச் சொல் எதுவும் இல்லாமல் வெறும் "என்று" கேட்டால் டஸ்.

கடைசியில் நிற்கும் வினையின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நான் வந்ததால்", "அவன் வந்ததால்", "அவர்கள் வந்ததால்" என்று யார் வந்தாலும் நமக்கு "வந்ததால்" ஒன்றுதான். ஜெர்மனில் வைல் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது எச்சம் அல்ல, முழு வினைமுற்று. வைல் இஷ் கெகொம்மன் பின், வைல் ஏர் கெகொம்மன் இஸ்ட் என்று ஆளுக்கு ஏற்ப மாறும். "வைல் இஷ் கேயன்" என்று வினையை விகுதியில்லாமல் அகராதி வடிவத்திலேயே விட்டுவிடுகிற மாணவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன். எழுவாயை விட்டுவிடும் பழக்கமும் இதோடு பிறந்தது. "வருவேன் என்று சொன்னான்" என்பதில் தமிழ் இரண்டு எழுவாய்களையும் விகுதியில் மறைத்துவிடும். ஜெர்மன் இரண்டையும் வெளியே கேட்கும், டஸ் சொன்னதும் அடுத்து ஏர் வர வேண்டும். மழை பெய்வதற்குக்கூட எஸ் வேண்டும்.

இனி பெரிய பிளவுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு சாதாரண வாக்கியம்:

மழை பெய்ததால் பஸ் தாமதமாக வந்தது என்று அவன் சொன்னான்.

இதில் மூன்று துண்டுகள். மழை பெய்தது முதல் துண்டு, பஸ் வந்தது இரண்டாவது, அவன் சொன்னது மூன்றாவது. தமிழ் இவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக இடப்பக்கம் அடுக்குகிறது, தலைமை வினை கடைசியில் வந்து மொத்தத்தையும் முடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இதை இப்படி எழுதிக் கொடுத்தார்:

வைல் எஸ் கெரேக்னெட் ஹாட், டேர் புஸ் ட்ஸு ஷ்பேட் கெகொம்மன் இஸ்ட், டஸ் ஏர் கெஸாக்ட் ஹாட்

ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பாருங்கள். கெரேக்னெட் ஹாட், கெகொம்மன் இஸ்ட், கெஸாக்ட் ஹாட். மூன்றிலும் வினைக்கூட்டம் அச்சாகச் சரி. அவர் உழைத்திருக்கிறார். ஆனாலும் மொத்தமாக ஜெர்மானியர் ஒருவருக்கு இது புரியாது. "என்று" தமிழில் பஸ் துண்டுக்கும் சொன்னான் துண்டுக்கும் நடுவில் இருப்பதால், அவர் டஸ் என்ற சொல்லையும் அதே நடுவில் வைத்துவிட்டார். விளைவு, டஸ் அவன் சொன்னதைத் திறக்கிறது. உண்மையில் அது பஸ்ஸைத் திறக்க வேண்டும். முதன்மை வாக்கியம் என்று ஒன்றும் இதில் மிஞ்சவில்லை. சரியான வடிவம்:

ஏர் ஹாட் கெஸாக்ட், டஸ் டேர் புஸ் ட்ஸு ஷ்பேட் கெகொம்மன் இஸ்ட், வைல் எஸ் கெரேக்னெட் ஹாட்

தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்றிருந்த துண்டுகள் மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பியிருக்கின்றன. அவன் சொன்னது முதலில், பஸ் நடுவில், மழை கடைசியில். ஆனால் துணைத் துண்டு ஒவ்வொன்றின் உள்ளேயும் வினை கடைசியில்தான் நிற்கிறது. துண்டுக்குள் தமிழ், துண்டுகளின் அடுக்கில் தலைகீழ்த் தமிழ். நீங்கள் பயிற்சி செய்யும்போது காகிதத்தில் தமிழ் வாக்கியத்தை எழுதி, "ஆல்", "என்று" போன்ற இடங்களில் கோடு போட்டு வெட்டுங்கள். துண்டுகளைக் கடைசியிலிருந்து எடுங்கள். தலைமைத் துண்டைத் தவிர மற்ற ஒவ்வொரு துண்டின் வாலையும் அதன் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே வினைக்கூட்டத்தைத் தொடாதீர்கள். தலைமைத் துண்டில் மட்டும் கடைசிச் சொல்லை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துங்கள். அந்த மாணவர் இந்த முறையில் அடுத்த வாரமே சரியாக எழுதினார்.

காரணத் துண்டை ஜெர்மனில் முன்னால் வைக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டே துண்டுகள் இருந்தால் வைக்கலாம், உங்கள் வாக்கியமே சான்று. டஸ் துண்டை வினைக்கு முன்னால் நடுவில் செருகுவதில் ஜெர்மன் கண்டிப்பானது. "வருவேன் என்று சொன்னதால்" என்பதில் நாம் சொன்ன செய்தியை வினைக்கு முன்னால் செருகுகிறோம். ஜெர்மன் வினையை முடித்துவிட்டுச் செய்தியை வெளியே வைக்கும்: வைல் ஏர் கெஸாக்ட் ஹாட், டஸ் ஏர் கொம்ட். இங்கே கெஸாக்ட் ஹாட் வாக்கியத்தின் கடைசியில் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு முழுத் துண்டு தொங்குகிறது. "வினை கடைசியில்" என்று பாடப் புத்தகம் சொல்வது அந்தத் துண்டின் சொந்த எல்லைக்குள் கடைசி என்ற பொருளில்தான். தமிழரிடம் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் எழுத்தில் வினைமுற்றுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. டஸ் துண்டை நடுவில் செருகி "வைல் ஏர், டஸ் ஏர் கொம்ட், கெஸாக்ட் ஹாட்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

பெயரெச்சத்திலும் இதே எதிர்த்திசைதான். "நேற்று நான் பணம் கொடுத்த ஆள் இன்று வரவில்லை." தமிழில் விளக்கம் முன்னால், ஆள் பின்னால். ஜெர்மனில் ஆள் முன்னால், விளக்கம் பின்னால்:

டேர் மன், டேம் இஷ் கெஸ்டர்ன் டாஸ் கெல்ட் கெகேபன் ஹாபெ, இஸ்ட் ஹொய்டெ நிஷ்ட் கெகொம்மன்

துண்டுக்குள் கெகேபன் ஹாபெ என்று தமிழ் வரிசை. கடினமானது அந்த டேம். நாம் "பணம் கொடுத்த ஆள்" என்று சொல்லும்போது, ஆளுக்குக் கொடுத்தோம் என்ற "கு" காணாமல் போய்விடுகிறது. கேட்கிறவர் ஊகித்துக்கொள்கிறார். ஜெர்மன் அந்த வேற்றுமையை விடாது, டேம் என்பதில் அதைக் காட்டியாக வேண்டும். எந்த வேற்றுமை என்று தடுமாறினால், தமிழிலேயே வேறொரு வடிவம் உதவும்: "யாருக்குப் பணம் கொடுத்தேனோ அவர்". அந்த வடிவத்தில் "கு" திரும்ப வந்துவிடும். "யாரைப் பார்த்தேனோ அவர்" எனில் டேன், "யார் வந்தாரோ அவர்" எனில் டேர். எழுதுவதற்கு முன் மனத்துக்குள் ஒரு முறை இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்ப் பெயரெச்சத்துக்கு இணையானதே ஜெர்மனில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதங்களிலும் டேர் ஃபொன் மீர் கெஸ்டர்ன் கெகவுஃப்டெ ரைஸ் என்பது போல வரும். "நேற்று நான் வாங்கிய அரிசி", விளக்கம் முழுதும் அரிசிக்கு முன்னால். படிக்கும்போது இது மற்ற மாணவர்களைத் திணறடிக்கும், உங்களைத் திணறடிக்காது. ஆனால் இது எழுத்து நடைக்கு உரியது, வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இதன் எல்லையும் குறுகியது. "நான் பிறந்த ஊர்", "சாவி தொலைந்த நாள்" என்று இடத்தையும் காலத்தையும் நாம் எச்சத்தால் இழுப்பது போல ஜெர்மன் இழுக்காது.

எதிர்மறை சிறிய விஷயம், ஆனால் மதிப்பெண் போகும் இடம். தமிழில் மறுப்பு வினையின் கடைசியில் இருக்கிறது: வரவில்லை, வர முடியாது. ஜெர்மனின் மறுப்புச் சொல்லான நிஷ்ட் அந்த இடத்தில் வராது. துணை வாக்கியத்தில் அது வினைக்கூட்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும்: வைல் ஏர் நிஷ்ட் கொம்ட், வைல் ஏர் நிஷ்ட் கெகொம்மன் இஸ்ட். கூட்டத்துக்குள்ளோ அதன் பின்னாலோ அதை வைக்காதீர்கள்.

வினைக்கூட்டத்துக்குள் தமிழை நம்பலாம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அங்கேயும் ஒரு விரிசல் உண்டு, பி2 நிலையில் அதைச் சந்திப்பீர்கள். "என்னால் வர முடியாமல் போனதால்" என்ற பொருளில் கொன்னன் என்ற வினையை ஹாபனோடு சேர்த்து எழுத வேண்டும். தமிழ் வரிசைப்படி ஹாபெ கடைசியில் வர வேண்டும். வராது:

வைல் இஷ் நிஷ்ட் ஹாபெ கொம்மன் கொன்னன்

வினைமுற்றான ஹாபெ கூட்டத்தின் கடைசியிலிருந்து அதன் தலைக்குத் தாவியிருக்கிறது. முடியும், வேண்டும் போன்ற பொருள்தரும் துணைவினைகள் ஹாபனோடு சேரும்போது, கெகொன்ட் என்ற இறந்தகால எச்ச வடிவத்துக்குப் பதிலாகக் கொன்னன் என்ற வெறும் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. இப்படி இரண்டு வெறும் வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால், ஹாபன் அவற்றுக்கு முன்னால் போய்விடும். வேர்டன் என்ற எதிர்காலத் துணைவினையும் இதே சூழலில் முன்னால் வரலாம், ஆனால் அதற்குக் கட்டாயமில்லை, இரண்டு வரிசையையும் பார்ப்பீர்கள். ஹாபனுக்கு மட்டும் எழுத்து ஜெர்மனில் முன்னால் வருவதே விதி.

நடைமுறையில் இந்த வடிவத்தைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. பெரும்பாலான ஜெர்மானியர்களும் அதையே செய்கிறார்கள்: வைல் இஷ் நிஷ்ட் கொம்மன் கொன்டெ. கொன்டெ என்பது ஒற்றைச் சொல்லிலேயே இறந்தகாலம், "முடிந்தது". கூட்டத்தில் ஹாபன் இல்லாததால் தாவுவதற்கும் ஒன்றுமில்லை. கொம்மன் கொன்டெ, "வர முடிந்தது", பழையபடி தமிழ் வரிசை. தேர்வில் எழுதும்போது இதையே எழுதுங்கள். ஹாபெ கொம்மன் கொன்னன் என்பதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஆனால் படிக்கும்போது ஹாபெ முன்னால் நிற்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

பேச்சில் ஒன்றைக் கேட்டுக் குழம்புவீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியர்களே பேசும்போது சில நேரம் வைல் சொல்லிக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இஷ் பின் கிராங்க்" என்று முதன்மை வரிசையில் தொடர்வார்கள். அந்த நிறுத்தத்தில் வைல் கிட்டத்தட்ட டென் ஆகிவிடுகிறது, நம் "ஏனென்றால்" போல. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், தாளில் எழுதாதீர்கள். உங்கள் பி1 தாளைத் திருத்துகிறவர் அதைத் தவறாகவே எடுத்துக்கொள்வார்.